மூலைவிட்டமாக ஒரு பந்தயம்

சிகாகோவில் 1973 ஏப்ரல் 26 அன்று சி.பி.ஓ.இ. என்ற ஆப்ஷன் சந்தை திறந்தபோது, அங்கே வாங்கவும் விற்கவும் இருந்தவை 16 நிறுவனப் பங்குகளின் மீதான கால் ஆப்ஷன்கள் மட்டுமே. இணையம் இல்லாத அந்தக் காலத்தில் விலைகளை நாளிதழ் கட்டம் போட்டு அச்சிடும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஸ்ட்ரைக் விலைகள். தலைப்பில் இடமிருந்து வலமாக எக்ஸ்பைரி மாதங்கள். ஒரு ஸ்ட்ரைக்கும் ஒரு மாதமும் சந்திக்கும் கட்டத்தில் பிரீமியம்.

ஒரு ஆப்ஷனை வாங்கி இன்னொன்றை விற்கும் உத்திகளுக்கு அந்தக் கட்டம்தான் பெயர் வைத்தது. ஒரே மாதத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஸ்ட்ரைக்குகளைப் பிடித்தால் அது வெர்ட்டிகல். ஒரே ஸ்ட்ரைக்கில் இரண்டு மாதங்களைப் பிடித்தால் ஹாரிசான்ட்டல். இன்று பெரும்பாலானவர்கள் அதைக் காலண்டர் என்கிறார்கள். ஸ்ட்ரைக்கும் வேறு, மாதமும் வேறு என்றால் இரண்டு கட்டங்களை இணைக்கும் கோடு குறுக்காகச் சாயும். பள்ளிக் கணக்கில் மூலைவிட்டம் என்று படித்தோமே, அதேதான். டைகனல் ஸ்ப்ரெட்.

இன்று கட்டம் கைப்பேசிக்குள் போய்விட்டது, பெயர் அப்படியே இருக்கிறது. நிஃப்டியில் வாராந்தர எக்ஸ்பைரி, மாதாந்தர எக்ஸ்பைரி இரண்டும் கிடைப்பதால் நம் ஊர் டிரேடர்களும் இதைச் செய்கிறார்கள். ஆனால் செய்பவர்களில் பலர் தாங்கள் கட்டும் பந்தயத்தில் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள். விலை எங்கே போகும் என்பது அந்தப் பாதி. தூரத்து ஆப்ஷனுக்குச் சந்தை அப்போது என்ன விலை கொடுக்கும் என்பது மறு பாதி. நட்டம் பெரும்பாலும் இந்த மறு பாதியின் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஆப்ஷனைப் பழகாதவர்களுக்கு நிலம் வாங்கும் கதையைச் சொன்னால் எளிதில் புரியும். ஒருவர் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்திற்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குகிறார். நிலத்தின் விலை ஏறினால் உரிமைக்கு மதிப்பு. ஏறாவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான். அந்த உரிமைதான் கால் ஆப்ஷன், பேசிய விலைதான் ஸ்ட்ரைக், அட்வான்ஸ்தான் பிரீமியம், கெடு நாள்தான் எக்ஸ்பைரி. விற்கும் உரிமை என்றால் அது புட். இந்தக் கட்டுரை கால் ஆப்ஷனோடு நிற்கிறது. சந்தை மெல்ல இறங்கும் என்று நினைப்பவர் புட்டில் இதையே கண்ணாடிப் பிம்பமாகச் செய்துகொள்ளலாம்.

டைகனலில் தூரத்துக் கெடுவுள்ள உரிமையை வாங்கி, பக்கத்துக் கெடுவுள்ள வேறொரு உரிமையை இன்னொருவருக்கு விற்கிறார்கள். வீட்டை இரண்டு ஆண்டு குத்தகைக்கு எடுத்து, அதில் ஓர் அறையை மாதக் கணக்கில் உள்வாடகைக்கு விடுவது போல. உள்வாடகை குத்தகைச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். குடியிருப்பவர் காலி செய்தால் வேறொருவரை வைக்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். நிஃப்டி 25,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு கண்ணைக் கட்டாமல் இருக்க வட்டியையும் டிவிடெண்டையும் ஒதுக்கிவிடலாம். பிரீமியத்துக்குள் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பை, அதாவது சந்தையில் ஐ.வி. என்று சொல்வதை, இரண்டு கெடுக்களுக்கும் ஆண்டுக்கு 13 சதவீதம் என்று கொள்வோம். 13 சதவீதம் என்றால், அடுத்த 28 நாளில் நிஃப்டி மேலேயோ கீழேயோ சுமார் 900 புள்ளிக்குள் அடங்கிவிடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு என்று சந்தை மதிப்பிடுகிறது.

டிரேடர் 56 நாள் கெடுவுள்ள 25,000 காலை வாங்குகிறார். பிளாக்–ஷோல்ஸ் சூத்திரப்படி அதன் விலை 508 ரூபாய். கூடவே 28 நாள் கெடுவுள்ள 25,500 காலை விற்கிறார். அதற்கு 166 ரூபாய் கிடைக்கிறது. கையிலிருந்து போவது 342. ஒரு லாட்டுக்கு 65 எண்ணிக்கை என்றால் 22,230 ரூபாய். மார்ஜின் தனி.

அவர் சொல்லும் சேதி என்ன? நிஃப்டி ஏறும் என்பது மட்டுமில்லை. அப்படி மட்டும் நினைத்திருந்தால் 25,000 காலை வாங்கிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஏறும், ஆனால் நிதானமாக ஏறும், இந்த 28 நாளுக்குள் 25,500-ஐ வெகுதூரம் தாண்டாது, அதற்குப் பிறகும் ஏற இடமிருக்கும் என்கிறார். சத்தமில்லாமல் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்: 28 நாள் கழித்து என் கையில் மிஞ்சும் காலுக்குச் சந்தை இன்றைக்குக் கொடுப்பது போன்ற விலையையே கொடுக்கும்.

28 நாள் கழிகிறது. விற்ற கால் முடிகிறது, வாங்கிய காலுக்கு இன்னும் 28 நாள் உயிர் இருக்கிறது. நிஃப்டி சரியாக 25,500-இல் வந்து நின்றால் அதுதான் அவருக்கு உச்ச அதிர்ஷ்டம். விற்ற 25,500 கால் மதிப்பில்லாமல் மடிகிறது. வாங்கிய 25,000 கால் ஏற்கெனவே 500 புள்ளி உள்ளே இருக்கிறது, மீதிக் காலத்துக்கான மதிப்பும் சேர்ந்து 666 ரூபாய்க்கு விலை போகும். போட்டது 342. லாபம் 324.

நிஃப்டி அசையாமல் 25,000-இலேயே இருந்தால்? விற்ற கால் மடிந்துவிட்டது. வாங்கிய கால் 508-இலிருந்து 359-க்குத் தேய்ந்திருக்கிறது. 17 ரூபாய் லாபம். காலை வெறுமனே வாங்கியவருக்கு இதே நிலையில் 149 ரூபாய் நட்டம் என்பதை ஒப்பிட்டால் உள்வாடகை என்ன செய்தது என்று தெரியும்.

24,500-க்கு இறங்கினால் கையில் இருக்கும் கால் 160 ரூபாய், 182 நட்டம். 24,000-க்குப் போனால் அது 57 ரூபாய், 285 நட்டம். எவ்வளவு இறங்கினாலும் 342-க்கு மேல் போகாது, ஏனென்றால் வாங்கிய கால் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது.

மேல் பக்கம்தான் சுவாரசியம். நிஃப்டி 26,000-ஐ எட்டினால் லாபம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குறைகிறது. வாங்கிய கால் 1,064 ஆகிறது, விற்ற காலுக்கு 500 கொடுக்க வேண்டியிருக்கிறது, மிச்சம் 564. லாபம் 222 தான். 26,500-இல் 179. அதற்கும் மேலே போகப் போக 158-ஐ நோக்கி இறங்கி நிற்கும். காரணம், ஸ்ட்ரைக்கைத் தாண்டி வெகுதூரம் உள்ளே போன காலுக்குக் கால மதிப்பு கரைந்துவிடும். இரண்டு கால்களுக்கும் இடையே மிஞ்சுவது ஸ்ட்ரைக் இடைவெளியான 500 மட்டும். அதில் போட்ட 342-ஐக் கழித்தால் 158. லாபப் படத்தை வரைந்தால் 25,500-இல் ஒரு கூடாரம் போல எழும்பி, வலப்பக்கம் மெல்லச் சரியும்.

இந்த 500-க்கும் 342-க்கும் இடையிலான உறவைக் கவனிக்காமல் விட்டால் வேடிக்கையான விபத்து நடக்கும். அதே டிரேடர் அதிகப் பிரீமியத்துக்கு ஆசைப்பட்டு 25,500-க்குப் பதில் 25,200 காலை விற்றார் என்று வையுங்கள். 269 ரூபாய் கிடைக்கிறது. கையிலிருந்து போவது 239 மட்டுமே, சிக்கனமாகத் தெரிகிறது. ஆனால் ஸ்ட்ரைக் இடைவெளி 200 தான். நிஃப்டி விறுவிறுவென்று 26,500-க்கு ஏறுகிறது. வாங்கியது 1,521, கொடுக்க வேண்டியது 1,300, மிச்சம் 221. போட்டது 239. ஆக, 18 ரூபாய் நட்டம். இன்னும் ஏறினால் நட்டம் 39 வரை போகும். ஏறும் என்று நினைத்தார், ஏறியது, நட்டப்பட்டார். போடும் பணம் ஸ்ட்ரைக் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன் ஒரு கழித்தல் போட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அமெரிக்காவில் இதே உத்தியைப் பல மாதக் கெடுவுள்ள லீப்ஸ் ஆப்ஷன்களோடு செய்து 'ஏழையின் கவர்டு கால்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். 100 பங்கு வாங்கும் வசதி இல்லாதவர் பங்குக்குப் பதில் நீண்ட காலக் காலை வைத்துக்கொண்டு மாதாமாதம் வேறொரு காலை விற்பார். அங்கேயும் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதே கழித்தல்தான்.

இதுவரை சொன்ன எண்கள் எல்லாவற்றிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. 28 நாள் கழித்தும் ஐ.வி. அதே 13 சதவீதம் என்று கொண்டோம் அல்லவா, அதுதான் அந்தப் பொய். வெர்ட்டிகல் ஸ்ப்ரெட்டில் இரண்டு ஆப்ஷனும் ஒரே நாளில் முடிவதால் அன்றைய லாப நட்டம் நிஃப்டி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. பென்சிலால் துல்லியமாக வரைந்துவிடலாம். டைகனலில் ஒன்று முடியும்போது மற்றொன்று உயிரோடு இருக்கிறது. அதன் விலையை அன்றைய ஐ.வி. தீர்மானிக்கும். அது என்னவாக இருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. புரோக்கர் செயலி அழகாக வரைந்து காட்டும் கூடாரம் இன்றைய ஐ.வி.யை அப்படியே முன்னால் நீட்டி வரைந்த ஊகம்.

அசையாத நிஃப்டியையே எடுத்துக்கொள்ளலாம். 28 நாள் கழித்தும் 25,000. ஐ.வி. 13-இல் இருந்தால் 17 ரூபாய் லாபம் என்று பார்த்தோம். சந்தை தூங்கி வழிந்து ஐ.வி. 10-க்கு இறங்கிவிட்டால் கையில் இருக்கும் கால் 359-க்குப் பதில் 276 தான் பெறும். லாபம் 66 ரூபாய் நட்டமாக மாறுகிறது. நிஃப்டி ஒரு புள்ளிகூட நகரவில்லை. உச்ச அதிர்ஷ்டமான 25,500-இலும் இதே கதை, அளவுதான் கொஞ்சம் மிதம்: ஐ.வி. 11 ஆனால் லாபம் 324-இலிருந்து 277-க்குக் குறையும், 16 ஆனால் 398-க்கு ஏறும். ஆக, இந்த டிரேடர் தெரிந்தோ தெரியாமலோ ஐ.வி. உயரும், குறைந்தது இறங்காது என்று பந்தயம் கட்டியிருக்கிறார். கெடு தூரமாக இருக்கும் ஆப்ஷன் ஐ.வி.க்கு அதிகமாக ஆடும். இந்தக் கணக்கில் தொடக்க நாளில் ஐ.வி. ஒரு புள்ளி ஏறினால் வாங்கிய கால் 39 ரூபாய் ஏறும், விற்ற கால் 24 ரூபாய் ஏறும். மிச்சம் 15 ரூபாய் அவருக்கு.

காலம் கரைவதால் வருவது இதற்கு முன் ரொம்பச் சிறியது. முதல் நாளில் விற்ற கால் சுமார் 5 ரூபாய் 60 காசு தேய்கிறது, வாங்கியது 4 ரூபாய் 50 காசு தேய்கிறது. நாளுக்கு ஒரு ரூபாய் சொச்சம் லாபம். கெடு நெருங்கும்போது நிஃப்டி 25,500-ஐ ஒட்டி இருந்தால் இந்த வேகம் கூடும். ஆனாலும் 'தினமும் தீட்டா வருகிறது' என்று மகிழ்கிறவர், ஐ.வி. ஒரு புள்ளி இறங்கினால் இரண்டு வாரத்து வரும்படி போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு மடிப்பு இருக்கிறது. 'ஐ.வி. ஏறினால் லாபம்' என்று மேலே சொன்னது இரண்டு கெடுக்களின் ஐ.வி.யும் ஒரே அளவு ஏறினால்தான். நிஜத்தில் அப்படி ஏறாது. அதிர்ச்சி வரும்போது பக்கத்துக் கெடு துள்ளிக் குதிக்கும், தூரத்துக் கெடு நிதானமாக எழும். இன்றைய பதற்றம் அடுத்த வாரத்தைப் பாதிக்கும் அளவுக்கு அடுத்த காலாண்டைப் பாதிக்காது என்று சந்தை நினைக்கிறது. பக்கத்துக் கெடு 8 புள்ளி, தூரத்துக் கெடு 5 புள்ளி ஏறினால் நம் டிரேடருக்கு ஒரு பக்கம் 195 ரூபாய் வரவு, மறுபக்கம் 192 ரூபாய் செலவு. கைக்கு எதுவும் வராது. அவர் கட்டிய பந்தயம் ஐ.வி.யின் மீது என்பதைவிட இரண்டு ஐ.வி.களின் இடைவெளி மீது என்று சொல்வதே சரி. பக்கத்து ஐ.வி. மிகையாகவும் தூரத்து ஐ.வி. மலிவாகவும் இருக்கும் நாளில் நுழைபவருக்குக் காற்று பின்னாலிருந்து வீசும்.

அப்படி ஒரு நாள் 2024 ஜூன் 3. முந்தைய சனிக்கிழமை மாலை வந்த எக்சிட் போல்கள் ஆளும் கட்சிக்குப் பெரும் வெற்றி என்று சொன்னதால் நிஃப்டி அன்று 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-இல் முடிந்தது. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து அடுத்த 30 நாளுக்கான எதிர்பார்ப்பைக் கணக்கிடும் இந்தியா விக்ஸ் 21-ஐ ஒட்டி நின்றது. மே மாதத்துக்கு முன்பு அது 10, 12 என்று கிடந்த எண். ஜூன் 6 வியாழக்கிழமை வாராந்தர எக்ஸ்பைரி, ஜூன் 27 மாதாந்தர எக்ஸ்பைரி. வாராந்தர ஆப்ஷனுக்கு மீதமிருந்த மூன்று வர்த்தக நாள்களில் ஒன்று முழுக்கத் தேர்தல் முடிவு நாள். அந்த ஒரு நாளின் பயம் மூன்று நாளுக்குள் அடைபட்டிருந்தது. ஜூன் 27 ஆப்ஷனில் அதே பயம் பல சாதாரண நாள்களோடு கலந்து நீர்த்திருந்தது.

இந்த நிலையில் ஜூன் 6 காலை விற்று ஜூன் 27 காலை வாங்கும் டைகனல், காகிதத்தில் கச்சிதமானது. மிகையாக விலை போகும் பயத்தை விற்று, நீர்த்த பயத்தை வாங்குவது. நடந்தது என்ன? ஜூன் 4 அன்று ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரியத் தெரிய நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்து 21,884.50-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி. விக்ஸ் நடுவில் 31-ஐத் தாண்டிவிட்டு 26.7-ஐ ஒட்டி முடிந்தது. ஜூன் 5 அன்று கூட்டணி ஆட்சி உறுதியானதும் நிஃப்டி 22,620.35-க்கு மீண்டது, விக்ஸ் 19-க்குக் கீழே விழுந்தது.

23,300 காலை ஜூன் 27-க்கு வாங்கி, அதற்கும் மேலே ஒரு ஸ்ட்ரைக்கை ஜூன் 6-க்கு விற்றவரின் நிலையைப் பாருங்கள். ஜூன் 4 மாலை அவர் வாங்கிய கால் ஸ்ட்ரைக்கிலிருந்து 1,400 புள்ளிக்கு மேல் கீழே கிடந்தது. ஐ.வி. ஏறியது கொஞ்சம் முட்டுக் கொடுத்திருக்கும். விலைச் சரிவு அதை விழுங்கிவிட்டது. மறுநாள் நிஃப்டி 736 புள்ளி ஏறியபோது ஐ.வி. இறங்கி மீட்சியின் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டது. ஜூன் 6 வந்தது, விற்ற கால் மதிப்பில்லாமல் மடிந்தது. ஜூன் 7 அன்று நிஃப்டி 23,290-இல் புதிய உச்சத்தில் முடிந்தது. ஜூன் 27 அன்று 24,044.50. கைவிடாமல் வைத்திருந்த 23,300 கால் அன்று 744 ரூபாய் மதிப்போடு முடிந்திருக்கும்.

வாராந்தர ஆப்ஷனை மட்டும் வாங்கியவருக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. அவருடைய உரிமை ஜூன் 6-லேயே செத்துவிட்டது. தூரத்துக் கெடு வாங்கித் தரும் பொருள் இந்த அவகாசம்தான். ஆனால் ஜூன் 4 பிற்பகலில் எத்தனை பேர் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. அன்று பயந்துபோய் ஏறிய ஐ.வி.யில் தூரத்து ஆப்ஷன்களைப் புதிதாக வாங்கியவர்களிடமிருந்து, திசை சரியாக இருந்தாலும் லாபத்தின் ஒரு பங்கை அடுத்த நாளே ஐ.வி. சரிவு பிடுங்கியிருக்கும்.

எனவே டைகனலில் நுழையும் முன் பார்க்க வேண்டிய எண் நிஃப்டியின் விலையும் இல்லை, விக்ஸும் இல்லை. இரண்டு கெடுக்களின் ஐ.வி.யையும் ஆப்ஷன் செயினில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பட்ஜெட், ரிசர்வ் வங்கிக் கூட்டம், தேர்தல், காலாண்டு முடிவு என்று ஏதாவது நாள் விற்கும் கெடுவுக்குள் விழுகிறதா, அதற்குப் பிறகு விழுகிறதா என்பதும் முக்கியம். விற்கும் கெடுவுக்குள் விழுந்தால் விற்பதற்கு நல்ல விலை, ஆனால் நிஃப்டி எகிறிக் குதிக்கும் ஆபத்தும் அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கெடுக்களுக்கும் நடுவே விழுந்தால் தூரத்து ஆப்ஷன் விலை உயர்ந்து கிடக்கும். அதை வாங்குபவர் சம்பவம் நடக்கும் முன்பே விற்று வெளியேறத் திட்டம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவு வெளியான காலையில் அந்த உப்பல் வடிந்துவிடும்.

நம் ஊர் விதிகளில் இந்த உத்தியைத் தொடும் இடங்கள் சில உண்டு. விற்ற காலுக்கு மார்ஜின் கட்ட வேண்டும். வேறு கெடுவில் வாங்கிய கால் கையில் இருப்பதால் அதில் சலுகை கிடைக்கும். 2025 பிப்ரவரி முதல் விற்ற ஆப்ஷன் முடியும் நாளன்று மட்டும் அந்தச் சலுகை கிடையாது. செபி 2024 அக்டோபரில் போட்ட உத்தரவு அது. அதாவது எக்ஸ்பைரி நாளான செவ்வாய்க்கிழமை, மார்ஜின் கணக்கு தூரத்துக் காலைக் கண்டுகொள்ளாமல், மொட்டையாக விற்ற கால் என்றே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு எக்ஸ்பைரி நாளில் குறியீட்டு ஆப்ஷன் விற்றவர்களிடம் கூடுதலாக 2 சதவீத மார்ஜினும் கேட்கிறார்கள். சில பத்தாயிரம் ரூபாயில் ஓடிக்கொண்டிருந்த டைகனல் அன்று திடீரென்று லட்சக் கணக்கில் பணம் கேட்கும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் புரோக்கரே அகப்பட்ட விலைக்கு முடித்துவிடலாம். பழகியவர்கள் விற்ற காலைத் திங்கட்கிழமையே மூடிவிடுவது இதனால்தான். கடைசி நாளின் சில ரூபாய் தேய்மானத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

தனிப் பங்குகளில் செய்பவருக்கு ஆபத்து வேறு வகை. 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்கள் எல்லாமே பங்கைக் கைமாற்றித்தான் முடிகின்றன. விற்ற கால் உள்ளே போய் முடிந்தால் ஒரு லாட் பங்கைக் கொடுத்தாக வேண்டும். கையில் இருக்கும் அடுத்த மாதக் கால் அதற்கு ஈடாகாது, அதன் கெடு இன்னும் வரவில்லையே. பங்கு இல்லாதவர் ஏலத்தில் அபராத விலை கொடுக்க நேரும். இந்திய ஆப்ஷன்களை எக்ஸ்பைரிக்கு முன் யாரும் பிரயோகிக்க முடியாது என்பது ஒரு நிம்மதி. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் அந்த நிம்மதியும் கிடையாது. டிவிடெண்டு பதிவு நாளை ஒட்டி விற்ற காலைத் திடீரென்று பிரயோகித்துவிடுவார்கள்.

சில்லறைச் செலவையும் சொல்லியாக வேண்டும். தூரத்து மாத ஆப்ஷன்களில் வாங்குவோர் விற்போர் கூட்டம் குறைவு. 25,000, 25,500 போன்ற முழு ஸ்ட்ரைக்குகளில் விலை ஓரளவு நெருங்கி இருக்கும். 25,150 மாதிரி இடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பள்ளமே இருக்கும். நுழைய இரண்டு ஆர்டர், வெளியேற இரண்டு ஆர்டர், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ரூபாய் நழுவினால் 17 ரூபாய் லாபம் என்று மேலே காட்டியது காணாமல் போகும். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதி ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வு சொன்னபோது, அந்த நட்டக் கணக்கில் பரிவர்த்தனைச் செலவும் சேர்ந்திருந்தது.

விற்ற கால் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் டைகனலின் இரண்டாம் பாதி இருக்கிறது. நம் உதாரணத்துக்கே திரும்பலாம். 28 நாள் முடிந்தது, நிஃப்டி 25,000-இலேயே இருக்கிறது, ஐ.வி. 13-இல் மாறாமல் இருக்கிறது. கையில் 28 நாள் உயிரோடு ஒரு 25,000 கால், விலை 359. டிரேடர் அதை விற்று 17 ரூபாயோடு கிளம்பலாம். அல்லது அதே கெடுவில் இன்னொரு 25,500 காலை விற்கலாம். அதற்கு மறுபடி 166 கிடைக்கும். போட்ட 342-இல் அது கழிந்து 176 ஆகிறது. இப்போது இரண்டு கால்களும் ஒரே நாளில் முடிகின்றன, மூலைவிட்டம் நிமிர்ந்து சாதாரண வெர்ட்டிகல் ஆகிவிட்டது. நிஃப்டி 25,500-க்கு மேல் முடிந்தால் 324 லாபம், 25,000-க்குக் கீழே முடிந்தால் 176 நட்டம். ஐ.வி.யைப் பற்றிய கவலை அதோடு பெரும்பாலும் விலகுகிறது.

ஐ.வி. 10-க்கு இறங்கியிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக அமையாது. வாங்கிய காலின் விலை குறைந்திருப்பது போலவே புதிதாக விற்கும் 25,500 காலுக்கும் 166 கிடைக்காது. உள்வாடகைச் சந்தையே மந்தமாகிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் சிலர் பழைய வரும்படியை எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்று 25,200-ஐ விற்கப் போவார்கள். அங்கேதான் முதலில் சொன்ன கழித்தலை மறுபடி போட வேண்டியிருக்கிறது: இதுவரை போனதில் வந்ததைக் கழித்த மிச்சம், புது இடைவெளியான 200-க்குள் அடங்குகிறதா?